ஆர்கான் சேர்த்தால் சமநிலை நகருமா, நகராதா?

"ஐயா, நான் பினாங்கில் ஆறாம் படிவம் படிக்கிறேன். அழுத்தம், வெப்பநிலை, செறிவு மாறினால் சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்ற கேள்விகளில் ஒன்று சரியாக வந்தால் அடுத்தது தப்பாகிறது. 'மாற்றத்தை எதிர்க்கும் பக்கம் போகும்' என்றுதான் எழுதுகிறேன். ஒரு தாளில் ஆர்கான் சேர்த்தால் நகராது என்று விடை. டியூஷனில் கொடுத்த இன்னொரு தாளில் அதே ஆர்கானுக்கு நகரும் என்று விடை. எதை நம்புவது?"

இரண்டு விடையுமே சரியாக இருக்கலாம். ஒரு தாளில் கலத்தின் கனஅளவு மாறாது என்று இருந்திருக்கும், மற்றதில் அழுத்தம் மாறாது என்று இருந்திருக்கும். கேள்வித்தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள், அந்த ஒற்றைச் சொல் எங்காவது ஒளிந்திருக்கும். பினாங்கில் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் எடுத்த ஆண்டுகளில் நான் பார்த்தவரை, இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவதால்தான். ஆனால் அதைக் கவனித்துவிட்டால் மட்டும் போதாது. 'எதிர்க்கும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதை எதிர்க்கும் என்று யோசித்தால் யாருக்கும் குழப்பம்தான் வரும்.

லீ சாட்லியர் 1884இல் சொன்ன தத்துவம், பல சமநிலைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத் திரட்டிச் சொல்லும் ஒரு வாக்கியம். நடப்பதற்குக் காரணம் அதில் இல்லை. காரணம் வேறொரு இடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு வெப்பநிலைக்கும் சமநிலை மாறிலி K என்று ஓர் எண் உண்டு. இப்போது கலத்தில் இருக்கும் அளவுகளை அதே சூத்திரத்தில் போட்டால் கிடைக்கும் எண் வினைக் குணகம் Q. Q சிறியதாக இருந்தால் வினை முன்னோக்கிப் போகும், பெரியதாக இருந்தால் பின்னோக்கிப் போகும், சமமாக இருந்தால் அசையாது. எந்த மாற்றத்தைச் சொன்னாலும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது Qவை மாற்றியதா, Kயை மாற்றியதா, இரண்டையும் தொடவில்லையா?

ஒரே ஒரு வினையை வைத்து இதை முழுவதும் பார்த்துவிடுவோம். N2O4 ⇌ 2NO2. இடப்பக்கத்து வாயுவுக்கு நிறம் கிடையாது, வலப்பக்கத்து NO2 செம்பழுப்பு. அதனால் சமநிலை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே ஓரளவு படித்துவிடலாம். ஆய்வகத்தில் செம்புத் துண்டின் மேல் அடர் நைட்ரிக் அமிலம் விட்டால் இந்த வாயு வரும். நச்சு வாயு, புகைப்பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும். அதை ஒரு கண்ணாடி சிரிஞ்சில் இழுத்து, முனையை அடைத்துவிட்டால் நம் கலம் தயார்.

25 °Cயில் இந்த வினைக்கு Kp ஏறத்தாழ 0.15, அழுத்தத்தை அட்மாஸ்ஃபியரில் எடுத்தால். சிரிஞ்சுக்குள் மொத்த அழுத்தம் 1 atm என்று வைத்துக்கொள்ளுங்கள். NO2வின் பகுதி அழுத்தத்தின் வர்க்கத்தை N2O4இன் பகுதி அழுத்தத்தால் வகுத்தால் 0.15 வர வேண்டும். கணக்குப் போட்டால் NO2 0.32, N2O4 0.68 என்று வரும். 0.32இன் வர்க்கம் 0.102, அதை 0.68ஆல் வகுத்தால் 0.15. சரி.

இப்போது பிஸ்டனைத் தள்ளி கனஅளவைப் பாதியாக்குகிறோம். தள்ளிய அந்தக் கணத்தில் வினை இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு வாயுவின் பகுதி அழுத்தமும் இரட்டிப்பாகும்: NO2 0.64, N2O4 1.36. Q என்ன? 0.64இன் வர்க்கம் 0.41, அதை 1.36ஆல் வகுத்தால் 0.30. Kயைப் போல இரண்டு மடங்கு. NO2வுக்கு வர்க்கம் இருப்பதால் மேலே நான்கு மடங்கு ஆனது, கீழே இரண்டு மடங்குதான் ஆனது. Q, Kயைத் தாண்டிவிட்டதால் வினை பின்னோக்கிப் போய் N2O4ஐ உண்டாக்குகிறது. 'மூலக்கூறு எண்ணிக்கை குறைவான பக்கம் போகும்' என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அது பிறக்கிற இடம் இதுதான். இரு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருந்தால், உதாரணமாக H2 + I2 ⇌ 2HI, மேலேயும் நான்கு மடங்கு, கீழேயும் நான்கு மடங்கு, Q அசையாது. ஆனால் அயோடின் ஆவி நெருக்கப்பட்டதால் ஊதா நிறம் அடர்த்தியாகும். நிறம் மாறியது என்பதற்காகச் சமநிலை நகர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது.

நம் சிரிஞ்சுக்கு வருவோம். வினை எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகும்? N2O4 x அளவு கூடினால் NO2 2x அளவு குறையும். (0.64 − 2x)² / (1.36 + x) = 0.15 என்று எழுதித் தீர்த்தால் x ஏறத்தாழ 0.087. புதிய சமநிலையில் NO2 0.47, N2O4 1.45, மொத்தம் 1.91 atm. இந்த மூன்று எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். மொத்த அழுத்தம் 2 atmஇலிருந்து 1.91க்குத்தான் இறங்கியது, பழைய 1 atmக்குத் திரும்பவில்லை. NO2வும் 0.64இலிருந்து 0.47க்கு இறங்கியதே ஒழிய, தொடக்கத்தில் இருந்த 0.32ஐ விட இன்னும் அதிகமாகவே இருக்கிறது. அதாவது சமநிலை இடப்பக்கம் நகர்ந்த பிறகும் NO2வின் செறிவு முன்பைவிடக் கூடுதல். அதே சமயம் NO2வின் மோல் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஏனென்றால் 0.47 இருப்பது பாதி இடத்தில். பழைய கணக்கில் அது 0.23க்குச் சமம்.

இதனால்தான் 'சிரிஞ்சை அழுத்தினால் நிறம் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு 'வெளிறும்' என்று மட்டும் எழுதுகிறவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் முதலில் சட்டென்று கறுக்கும், பிறகு சற்று வெளிறும், ஆனால் தொடக்கத்தில் இருந்ததைவிட அடர்த்தியாகவே நிற்கும். சிரிஞ்சின் முனையில் இருந்து நீளவாக்கில் பார்த்தால் கதை வேறு. செறிவு இரட்டிப்பானாலும் பார்வை கடக்கும் நீளம் பாதியாகிவிடுவதால், அழுத்தியதால் மட்டும் நிறம் கூடாது. நகர்வால் NO2 மூலக்கூறுகள் குறைவது மட்டுமே தெரியும். அந்தக் கோணத்தில் 'வெளிறும்' என்பதே சரியான விடை. கேள்வியில் எங்கிருந்து பார்ப்பது என்று சொல்லாவிட்டால் பக்கவாட்டு விடையை, இரண்டு கட்டமாக, எழுதிவிடுங்கள்.

இதில் பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. N2O4 பிரிவதும் சேர்வதும் மிக வேகமான வினை. கண் இமைக்கும் நேரம்கூட அதற்கு வேண்டாம். அப்படியென்றால் அழுத்திய பின் ஓரிரு நொடி மெல்ல வெளிறுவதாக நாம் காண்பது என்ன? வாயுவைச் சட்டென்று நெருக்கினால் அது சூடாகிறது, சூடு NO2வைக் கூட்டுகிறது. பிறகு அந்தச் சூடு கண்ணாடி வழியாக வெளியேற, நிறம் இறங்குகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் அந்த மெதுவான வெளிறலில் பெரும் பங்கு வாயு ஆறுவதுதான். தேர்வுத்தாளில் வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுவதே முறை. நான் மேலே போட்ட கணக்கும் முழுவதும் ஆறிய பின் உள்ள நிலைக்கானது. நகரும் திசை மாறாது. ஆனால் ஆய்வகத்தில் கண்டதை வைத்து 'வினை மெதுவாக நகர்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி உங்கள் ஆர்கான். கனஅளவு மாறாத கலம் ஒன்றில் 1 atm நம் கலவை இருக்கிறது. அதில் இன்னொரு 1 atm ஆர்கான் செலுத்துகிறோம். அழுத்தமானி 2 atm காட்டும். ஆனால் NO2வின் பகுதி அழுத்தம் அதே 0.32, N2O4 அதே 0.68. அவற்றுக்கு இருக்கும் இடமும் மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை. Q இன்னும் 0.15. நகர்வு இல்லை. 'அழுத்தம் கூடினால் மூலக்கூறு குறைந்த பக்கம்' என்ற விதியில் அழுத்தம் என்று சொன்னது, கனஅளவைக் குறைத்து வினையில் பங்கேற்கும் வாயுக்களையே நெருக்குவதால் வரும் அழுத்தத்தை. அழுத்தமானியின் முள்ளை அல்ல.

இரண்டாவது தாளில் நகரும் பிஸ்டன் இருந்திருக்கும், வெளி அழுத்தம் 1 atmஇல் நிலையாக இருந்திருக்கும். கலத்தில் இருக்கும் மொத்த மோல் அளவுக்கே ஆர்கான் சேர்த்தால், அழுத்தம் ஏற முடியாததால் கனஅளவு இரட்டிப்பாகும். NO2 0.16, N2O4 0.34. Q இப்போது 0.075, Kயில் பாதி. வினை முன்னோக்கிப் போகும், NO2 கூடும். அழுத்திய கணக்கில் Q இரண்டு மடங்கானது, இங்கே பாதியானது. ஆர்கான் ஒன்றுமே செய்யவில்லை, இடத்தை விரிக்க வைத்தது மட்டுமே அதன் வேலை. பிஸ்டனை வெளியே இழுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

கரைசலில் தண்ணீர் ஊற்றுவதும் இதே குடும்பம். Fe³⁺ + SCN⁻ ⇌ FeSCN²⁺ என்ற இரத்தச் சிவப்புக் கரைசலில் அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 'தண்ணீர் சமன்பாட்டில் இல்லை, எனவே மாற்றமில்லை' என்று எழுதுகிறார்கள். மூன்று செறிவும் பாதியாகும். மேலே பாதி, கீழே பாதியின் பாதி, Q இரண்டு மடங்கு. வினை பின்னோக்கிப் போகும். நீர்த்ததால் வெளிறுவதோடு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வெளிறும்.

செறிவை மாற்றும் கேள்விகள்தான் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சுலபம்தான்: வினைபடு பொருளைச் சேர்த்தால் Qவின் கீழ்ப்பகுதி கூடும், Q குறையும், முன்னோக்கிப் போகும். கனஅளவு மாறாத கலத்தில் இதற்கு விதிவிலக்கு இல்லை. ஆனால் 'மாற்றத்தை எதிர்க்கும்' என்ற வாக்கியம் நேரடியாகத் தவறு செய்யும் ஓர் இடம் உண்டு, அதை உங்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அம்மோனியா தயாரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், பினாங்கிலிருந்து தூரமில்லை, கெடா குருனில் பெட்ரோனாஸ் உர ஆலையில் நடக்கும் அதே வினை: N2 + 3H2 ⇌ 2NH3. அழுத்தம் மாறாமல், பிஸ்டன் நகரும் ஒரு கலத்தில் நைட்ரஜன் 6 மோல், ஹைட்ரஜன் 2 மோல், அம்மோனியா 2 மோல் சமநிலையில் இருக்கின்றன. இதில் இன்னும் 5 மோல் நைட்ரஜன் சேர்க்கிறோம். வினை எந்தப் பக்கம்?

நைட்ரஜனைச் சேர்த்தோம், அதைச் செலவழிக்க முன்னோக்கிப் போகும் என்று கை தானாக எழுதிவிடும். கணக்குப் போடுங்கள். மொத்தம் 10 மோல் 15 மோல் ஆனது, கனஅளவு ஒன்றரை மடங்கு. நைட்ரஜனின் பங்கு 0.60இலிருந்து 0.73 ஆனது, 1.22 மடங்குதான். ஹைட்ரஜனின் பங்கு 0.20இலிருந்து 0.133க்கு இறங்கியது, அதாவது மூன்றில் இரண்டு. அதற்கு முப்படி இருப்பதால் அது 0.30 மடங்கு. அம்மோனியாவும் மூன்றில் இரண்டாக இறங்கியது, வர்க்கம் எடுத்தால் 0.44 மடங்கு. மேலே 0.44, கீழே 1.22 பெருக்கல் 0.30 என்றால் 0.36. Q முன்பிருந்ததைவிட 1.2 மடங்கு ஆகிவிட்டது. வினை பின்னோக்கிப் போகும்! அம்மோனியா உடைந்து நைட்ரஜன் இன்னும் கூடும். சேர்த்த நைட்ரஜன் ஒரு பக்கம் முன்னே தள்ளியது உண்மை. ஆனால் அது இடத்தை விரித்து ஹைட்ரஜனை நீர்க்கச் செய்த பாதிப்பு அதைவிடப் பெரியது. நைட்ரஜன் ஏற்கெனவே மொத்தத்தில் பாதிக்கு மேல் இருக்கும் கலவையில் அழுத்தம் மாறாமல் சேர்த்தால் மட்டுமே இப்படி ஆகும். பாதிக்குக் கீழே இருந்தால், தொடக்கத்தில் வழக்கமான 1:3 விகிதத்தில் கலந்ததைப் போல, கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்தால் முன்னோக்கித்தான் போகும். எஸ்.டி.பி.எம். தாளில் இது வருமென்று சொல்லவில்லை, சாதாரணமாகக் கனஅளவு மாறாது என்ற எண்ணத்தில்தான் கேட்பார்கள். வாக்கியத்தை நம்புவதா Qவை நம்புவதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் Kயை யாரும் தொடவில்லை. கனஅளவு, ஆர்கான், தண்ணீர், நைட்ரஜன் எல்லாமே Qவைத்தான் நகர்த்தின. வினை ஓடி ஓடி Qவைப் பழைய Kக்கே கொண்டு வந்து நிறுத்தியது. 'அழுத்தத்தைக் கூட்டியதால் சமநிலை நகர்ந்தது, எனவே K மாறியது' என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. வினையூக்கி இந்தக் கணக்கில் Q, K இரண்டையுமே தொடாது.

வெப்பநிலை மட்டும் தனி ரகம். அது Kயையே மாற்றுகிறது. N2O4 பிரிவது வெப்பம் கொள்ளும் வினை, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 57 kJ. அடைத்த குழாயை ஐஸ் தண்ணீரில் வைத்தால் 0 °Cயில் K, 25 °Cயில் இருந்ததில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். குழாய் நன்றாக வெளிறிவிடும். 60 °C தண்ணீரில் வைத்தால் K பத்து மடங்குக்கு மேல் ஏறி, அடர் பழுப்பாகும். அழுத்தத்தால் வந்த நகர்வோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கனஅளவைப் பாதியாக்கி நாம் Qவை இரண்டு மடங்குதான் ஆக்கினோம். அதனால்தான் இந்த வாயுவில் சூடு காட்டும் நிற வித்தியாசம் சிரிஞ்சு காட்டுவதைவிடக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

திசையைத் தேர்ந்தெடுக்க ஒரு குறுக்குவழி உண்டு: வெப்பம் கொள்ளும் வினையில் 'வெப்பம்' என்பதை இடப்பக்கத்தில் ஒரு வினைபடு பொருள்போல எழுதிக்கொள்வது. திசை எப்போதும் சரியாக வரும், அதனால் நானும் தடுப்பதில்லை. ஆனால் அதன் பிறகு விளக்கம் எழுதும்போது சறுக்கிவிடுகிறார்கள். வெப்பத்தைக் கூட்டினால் முன்னோக்கு வினையின் வேகம் கூடும், பின்னோக்கு வினையின் வேகம் குறையும் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு வேகமும் கூடும். வெப்பம் கொள்ளும் திசையின் வேகம் அதிகமாகக் கூடும், அவ்வளவுதான்.

விடை எழுதும்போது நான் மாணவர்களிடம் எதிர்பார்ப்பது மூன்று வாக்கியம். மாறிய பின் எந்தப் பகுதி அழுத்தம் அல்லது செறிவு என்ன ஆனது, அதனால் Q, Kயைவிடப் பெரியதா சிறியதா, ஆகவே எந்தத் திசை. வெப்பநிலைக் கேள்வியானால் முதல் வாக்கியத்தில் எந்தத் திசை வெப்பம் கொள்வது, K கூடியதா குறைந்ததா என்று எழுதுங்கள். கேள்வியில் லீ சாட்லியரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் அவர் வாக்கியத்தையும் எழுதத்தான் வேண்டும், அதற்கும் மதிப்பெண் இருக்கும். ஆனால் திசையை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள், முடிவு செய்ய அதைப் பயன்படுத்தாதீர்கள்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று தருகிறேன். CaCO3 ⇌ CaO + CO2. மூடிய கலத்தில் மூன்றும் சமநிலையில் இருக்கின்றன, வெப்பநிலை மாறவில்லை. திடப்பொருள்கள் Kயின் சூத்திரத்தில் வராது, ஆகவே K என்பது CO2வின் அழுத்தம் மட்டுமே. இன்னும் கொஞ்சம் CaCO3 போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கனஅளவைப் பாதியாக்கினால்? CO2வின் அழுத்தம் இரட்டிப்பாகும், Q இரண்டு மடங்கு, CO2 CaOவோடு சேர்ந்து CaCO3 ஆகும். எதுவரை? சிரிஞ்சில் அழுத்தம் 2இலிருந்து 1.91க்குத்தான் இறங்கியது. இங்கே CO2வின் அழுத்தம் சரியாகப் பழைய அளவுக்கே திரும்பும், CaO தீர்ந்துபோகாத வரை. CaO தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை நீங்கள் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.